பேரேட்டு மீதியும் எடுக்கத்தக்க மீதியும்: ஒரு சொல் வேண்டும்

கொக்குவிலிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். வங்கிச் செயலி ஒன்றின் தமிழ்த் திரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கணக்கைத் திறந்தவுடன் இரண்டு தொகைகள் தோன்றும். லெட்ஜர் பலன்ஸைப் பேரேட்டு மீதி என்று எழுதுவதில் தயக்கமில்லை. உயர்தரத்தில் கணக்கீடு படித்த எவருக்கும் பழகிய சொல் அது. அவைலபிள் பலன்ஸுக்கு இப்போதுள்ள "கிடைக்கக்கூடிய மீதி" என்பதை, இனிமேல் வரவிருக்கும் காசு என்றே பலர் விளங்கிக்கொள்கின்றனர்.

திருநெல்வேலிச் சந்தைக்கு அருகே கடை வைத்திருக்கும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். பேரேட்டு மீதி 85,000 ரூபாய். கொழும்பு மொத்த வியாபாரிக்கு 50,000 அனுப்ப முயன்றார். போதிய மீதி இல்லை என்று செயலி மறுத்துவிட்டது. மற்றைய மீதி 32,000 மட்டுமே. இந்த 32,000 க்கு ஒரு பெயர் வேண்டும்.

நல்லூரிலிருந்து:

இது வெறும் நேரத் தாமதம். பேரேடு இரவில்தான் புதுப்பிக்கப்படும். பகலில் நடந்தவை மற்றைய எண்ணிலேயே தெரியும். ஆகவே "நிகழ்நேர மீதி" என்பதே பொருத்தம்.

சுன்னாகத்திலிருந்து:

பல ஆண்டுகள் வங்கிக் கிளையில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நல்லூர் அன்பர் சொல்வது நாள் முடிவில் பதிவுகளைத் தொகுக்கும் முறைமைகளுக்குப் பொருந்தும். ஆனால் இரவுப் பதிவு முடிந்த பின்னும் இந்த 53,000 வேறுபாடு அப்படியே நிற்கும். காரணம் நேரம் அல்ல.

அந்தக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை 40,000 ரூபாய்க்கு வேறொரு வங்கியின் காசோலையை வைப்பிலிட்டிருக்கிறார். அன்றே அது பேரேட்டில் வரவாகிவிடும். ஆனால் காசோலையின் படிமம் தீர்வகத்தின் வழியாக எழுதியவரின் வங்கிக்குப் போய், அங்கே மறுக்கப்படாமல் இருந்தால்தான் அது அவருடைய காசு. வழமையாக இது அடுத்த வேலைநாளில், அதாவது திங்களன்று முடியும். திரும்பிவிட்டால் வரவு நீக்கப்படும். அதற்கிடையில் அவர் அதைச் செலவழித்திருந்தால் வங்கி யாரிடம் போய்க் கேட்கும்?

அடுத்தது 12,000. கொழும்பில் தங்குவதற்கு ஹோட்டலில் அட்டையைக் கொடுத்தபோது அந்தத் தொகை ஒதுக்கிவைக்கப்பட்டது. அது இன்னும் பற்றாகவில்லை. எனவே கணக்குக் கூற்றில் தேடினாலும் காணமுடியாது. எஞ்சிய 1,000 அந்தக் கணக்கின் குறைந்தபட்ச மீதி.

கோளாறு ஹோட்டல் தொகையில்தான் அதிகம் நேரும். இறுதிப் பட்டியல் 9,500 என்று வந்தால் பேரேட்டில் 9,500 பற்றாகி, 12,000 ஒதுக்கம் நீங்கவேண்டும். வந்த பற்று பழைய அனுமதியோடு பொருந்தாவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஒதுக்கம் காலாவதியாகும்வரை 21,500 ரூபாய் அவர் கைக்கு எட்டாது. கூற்றில் பற்று விழுந்த பின்னும் இரு மீதிகளின் இடைவெளி குறையவில்லையென்றால் இதுவாக இருக்கலாம். கிளையில் அனுமதி எண்ணைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

எனது முன்மொழிவு: தேறிய மீதி. காசோலை "தேறியது" என்றுதானே நாம் சொல்கிறோம்.

சாவகச்சேரியிலிருந்து:

வங்கியிடம் கடன் பெறுவதற்காக எனது சேமிப்பில் 2 இலட்சத்தைப் பிணையாகத் தடுத்துவைத்திருக்கின்றனர். அதற்கு வட்டி வருமா என்று எவரும் சொல்வதில்லை. வட்டி எந்த மீதிக்கு? அதையும் அந்தச் சொல்லிலேயே காட்டுவீர்களா?

சுன்னாகத்திலிருந்து:

ஐயா, பிணையாகத் தடுத்த காசு உங்களுடையதே. பொதுவாக அதற்கு வட்டி வரும். தேறாத காசோலைக்கோ, காசு உண்மையில் வந்துசேரும் நாளிலிருந்துதான் வட்டி எண்ணப்படும். வட்டிக்கான மீதி இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது. அதைத் திரையில் இந்தப் பெயரோடு கலக்கவேண்டாம்.

பருத்தித்துறையிலிருந்து:

வர்த்தகபாடம் கற்பிப்பவள் நான். "தேறிய மீதி" வேண்டாம். தேறாத காசோலை என்று வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் கற்பிக்கும் அதே நாங்கள், தேறிய இலாபம் என்று செலவு கழித்த இலாபத்தையும் கற்பிக்கிறோம். மாணவர் அதனைக் கழிவுகள் போன மீதி என்றே வாசிப்பார். மேலும் ஹோட்டல் ஒதுக்கமும் பிணைத் தடுப்பும் தேறுவதோடு தொடர்புடையவையல்ல. "எடுக்கத்தக்க மீதி" என்றால் கேள்விக்கு நேரே விடை கிடைக்கும்.

நல்லூரிலிருந்து:

எடுப்பது என்றால் ஏரிஎம்மில் எடுப்பது மட்டும் என்று நினைக்கமாட்டார்களா? "செலவிடத்தக்க மீதி" மேலானது.

சுன்னாகத்திலிருந்து:

எனது சொல்லை மீளப்பெறுகிறேன். மேலதிகப்பற்று வசதியுள்ள நடைமுறைக் கணக்கையும் கவனியுங்கள். அங்கே பேரேட்டு மீதி 10,000 ஆக இருக்க, இந்த எண் 1,10,000 என்று காட்டலாம். மேலதிகமான 1 இலட்சம் அவருடைய பணம் அல்ல, வங்கி தரச் சம்மதித்த கடன். எடுக்கத்தக்க என்பது அங்கும் பிழையாகாது; மீதி என்பதுதான் அங்கே இடறுகிறது.

கொக்குவிலிலிருந்து:

சேமிப்புக் கணக்குத் திரையில் "எடுக்கத்தக்க மீதி" என்று இட்டு, அதைத் தொட்டால் "தேறாத காசோலை 40,000", "அட்டை ஒதுக்கம் 12,000", "குறைந்தபட்ச மீதி 1,000" என்று தனித்தனி வரிகளாகத் தெரியும்படி கேட்கப்போகிறேன். பிணைத் தடுப்புக்கும் ஒரு வரி வரும். மேலதிகப்பற்றுள்ள கணக்குக்கு "எடுக்கத்தக்க தொகை" என்று மாற்றலாமா, ஒரே செயலியில் இரண்டு சொற்கள் மயக்கம் தருமா என்பதை நடைமுறைக் கணக்கு வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.