லித்தோஃபேன்: தடிமனைக் கணக்கிட காமாவை நீக்க வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம். பாட்டியின் பழைய படத்தை வெள்ளை பிஎல்ஏவில் லித்தோஃபேனாக அச்சிடுகிறேன். வெளிச்சமான இடம் 0.8 மிமீ, கறுப்பு 3 மிமீ. தகட்டை நிமிர்த்தி வைத்து, உள்ளே முழுவதும் நிரப்பித்தான் அச்சிடுகிறேன்.

தடிமன் கூடக்கூட ஒளி சீராகக் குறைவதில்லை, பெருக்கல் கணக்கில் குறைகிறது. படிக்கட்டு போல ஒரு சோதனைத் துண்டு அச்சிட்டு விளக்கின் முன் பிடித்துப் பார்த்தேன். என் இழையில் ஒவ்வொரு 0.5 மிமீக்கும் ஒளி ஏறக்குறைய பாதியாகிறது. அதை வைத்து இந்தச் சூத்திரம்:

```
t = min(3, 0.8 - 0.72 * ln(B))
```

இதில் t மிமீ கணக்கில் தடிமன், B என்பது 0 முதல் 1 வரையிலான வெளிச்ச அளவு. B-ஐ எப்படி எடுப்பது என்பதுதான் சிக்கல். 128 என்ற பிக்சலை அப்படியே 255-ஆல் வகுத்தால் 1.3 மிமீ வருகிறது, முகம் வெளிறிவிடுகிறது. காமாவை நீக்கினால் B சுமார் 0.22, தடிமன் 1.9 மிமீ. முகம் அருமையாக இருக்கிறது. ஆனால் 64-க்கே 2.9 மிமீ ஆகிவிடுவதால், கூந்தலும் பின்னணியும் ஒரே இருட்டாகக் கலந்துவிடுகின்றன.

காமாவை நீக்கிவிட்டு, நிழல் பகுதியை மட்டும் முன்கூட்டியே கொஞ்சம் தூக்கிவிடுவீர்களா? அல்லது அதிகபட்சத் தடிமனை 3.5 மிமீ வரை கொண்டுபோகலாமா? அப்படிச் செய்தவர்கள், பின்னால் எவ்வளவு வெளிச்சமான விளக்கு வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.