டீ பீம்: மொமென்ட் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் இழுவிசையும் பெரிதா?

நிலவன்
வார்ப்பிரும்பு டீ பீம். மேலே பிளாஞ்ச் 100 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனம். அதன் கீழே வெப் 20 மி.மீ. கனம், 100 மி.மீ. ஆழம். A, B என்று இரண்டு தாங்கிகள், இடைவெளி 2 மீட்டர். B-யைத் தாண்டி பீம் இன்னும் 1 மீட்டர் நீள்கிறது. A-B நடுவில் 10 கிலோநியூட்டன், நீண்ட நுனியில் 4 கிலோநியூட்டன். அதிகபட்ச இழுவிசைத் தகைவும் அமுக்கத் தகைவும் எங்கே, எவ்வளவு? B-யில் போட்டதில் எனக்கு இழுவை 30, அமுக்கம் 60 மெகாபாஸ்கல் வந்தது. விடைப் பக்கத்தில் இழுவை 45 என்று இருக்கிறது. எங்கே தவறினேன்?

சேகர்
நீங்கள் தவறவில்லை, விடைதான் தவறு. B-யில் மொமென்ட் 4 கிலோநியூட்டன் மீட்டர், நடுவில் 3 தான். σ = M·y/I என்பதில் I மாறவில்லை. அப்படியென்றால் M பெரிதாக உள்ள இடத்தில்தான் தகைவும் பெரிதாக இருக்கும். இத்தனை வருடமாக நான் இப்படித்தான் போட்டு வருகிறேன்.

குமரேசன்
டீ பீம் என்றால் நடுநிலை அச்சு பெரும்பாலும் பிளாஞ்சுக்குள்ளேயே விழுந்துவிடுமே தம்பி. அப்போது செவ்வக பீம் போலவே கணக்குப் போடலாம். நாங்கள் ஸ்லாபோடு சேர்த்து கான்கிரீட் ஊற்றும் பீம்களுக்கு அப்படித்தான் செய்கிறோம். கம்பி எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?

மாலதி
குமரேசன் சார், நீங்கள் சொல்வது கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு. அங்கே விரிசல் விட்ட கான்கிரீட் இழுவையைத் தாங்காது என்று அந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம், அதனால் அச்சு மேலே ஏறுகிறது. இங்கே முழுக்க ஒரே வார்ப்பிரும்பு. வெட்டுமுகம் முழுவதும் வேலை செய்வதால் அச்சு பரப்பு மையத்தின் வழியே போகும்.

வெப்பின் பரப்பு 2000, பிளாஞ்சின் பரப்பும் 2000 சதுர மி.மீ. அடியிலிருந்து அவற்றின் மையங்கள் 50, 110 மி.மீ. உயரத்தில். பரப்பு சமம் என்பதால் சராசரி எடுத்தாலே போதும்: 80 மி.மீ. அதாவது அச்சிலிருந்து அடி விளிம்பு 80 மி.மீ., மேல் விளிம்பு 40 மி.மீ. தூரம். ஒவ்வொரு துண்டின் மையமும் அச்சிலிருந்து 30 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதைச் சேர்த்தால் I = 5.333 × 10⁶ மி.மீ.⁴.

சேகர் சார், உங்கள் விதி மேலும் கீழும் சமச்சீரான வெட்டுமுகத்துக்குப் பொருந்தும். அங்கே இரண்டு விளிம்புக்கும் y ஒன்றுதான். இங்கே ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. மொமென்டின் குறியும் இடத்துக்கு இடம் மாறுகிறது: B-யில் மேல் விளிம்பு இழுபடுகிறது, நடுவில் அடி விளிம்பு இழுபடுகிறது. ஆகவே B-யில் பெரிய மொமென்ட் சிறிய y-யோடு சேர்கிறது: 4 × 10⁶ × 40 / 5.333 × 10⁶ = 30. நடுவில் சின்ன மொமென்ட் பெரிய y-யோடு சேர்கிறது: 3 × 10⁶ × 80 / 5.333 × 10⁶ = 45. விடை சரி. அமுக்கம் மட்டும் B-யின் அடியில்தான் அதிகம், 60. குறி மாறும் பீமில் நான்கு எண்களையும் போடாமல் விடவே கூடாது.

நிலவன்
புரிந்தது மேடம். ஆனால் 80 என்பது சரிதானா என்று எனக்கு நானே எப்படிச் சரிபார்ப்பது? முதல் தடவை மேலிருந்து அளந்துவிட்டு, அடியிலிருந்து என்று நினைத்து 40 என்று எழுதிவிட்டேன்.

மாலதி
அந்தத் தவறு நிறைய பேருக்கு வரும். முதலில் கண்ணாலேயே பாருங்கள், அச்சு அகலமான பிளாஞ்ச் பக்கம்தான் நகர வேண்டும். அடியிலிருந்து 40 என்றால் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

அப்புறம் விசையைக் கூட்டிப் பாருங்கள். பீம் வளைகிறதே தவிர நீளவாக்கில் யாரும் இழுக்கவில்லை, அதனால் இழுவையும் அமுக்கமும் ஈடாக வேண்டும். நடு வெட்டுமுகத்தில் அச்சுக்குக் கீழே தகைவு 0-விலிருந்து 45 வரை போகிறது: சராசரி 22.5 × 80 × 20 = 36 கிலோநியூட்டன் இழுவை. மேலே, பிளாஞ்சின் உச்சியில் 22.5, அதன் அடியில் 11.25, சராசரி 16.875. அதை 2000-ஆல் பெருக்கினால் 33.75. அச்சுக்கும் பிளாஞ்சுக்கும் இடையே உள்ள 20 மி.மீ. வெப் இன்னும் 2.25 தருகிறது. மொத்தம் 36. அச்சைத் தவறாக வைத்தால் இந்த இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

சேகர்
சரி, ஒத்துக்கொள்கிறேன். y-யை ஒன்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயம். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட இழுவையில் தாங்காது. அப்படியிருக்க அகலமான பிளாஞ்சை ஏன் மேலே வைக்க வேண்டும்? டீயைக் கவிழ்த்துப் போடுங்கள். 1830 வாக்கில் ஈட்டன் ஹாட்கின்சன் வார்ப்பிரும்பு பீம்களைச் சோதித்து, அடி பிளாஞ்சைப் பல மடங்கு பெரிதாக்கச் சொன்னதும் இதற்காகத்தானே?

மாலதி
அவர் பார்த்தது இரண்டு முனையிலும் தாங்கிய பீம். அங்கே இழுவை எப்போதும் அடியில். இங்கே கவிழ்த்தால் நடுவில் இழுவை 45-லிருந்து 22.5 ஆகக் குறையும், உண்மை. ஆனால் B-யில் மேல் விளிம்பு இப்போது 80 மி.மீ. தூரத்தில் இருப்பதால் அங்கே இழுவை 60 ஆகிவிடும். 45-ஐ விட்டு 60-ஐ வாங்குகிறோம்.

சேகர்
இரண்டு பாரமும் எப்போதும் சேர்ந்தே இருந்தால்தான் உங்கள் 45. நுனியில் உள்ள 4-ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்தப் பாரம்தான் நடு மொமென்டை 5-லிருந்து 3-க்கு இறக்கிக்கொண்டிருந்தது. அது இல்லையென்றால் உங்கள் நிமிர்ந்த டீயில் அடியில் இழுவை 75! கவிழ்த்த டீயில் அதே நிலையில் 37.5 தான், எந்தச் சேர்க்கையிலும் 60-ஐத் தாண்டாது.

மாலதி
இதை நான் பார்க்காமல் விட்டேன். ஆமாம், பாரம் ஏறி இறங்கும் என்றால் நிமிர்ந்ததில் 75, கவிழ்த்ததில் 60. இரண்டும் நிலையான பாரம் என்றால் 45-க்கு 60. பாரம் எப்படி வரும் என்று தெரியாமல் எந்தப் பக்கம் நல்லது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கவிழ்த்ததை எடுக்கத் தயங்குவேன். நடுவில் 5 வரும்போது மெல்லிய வெப்பின் மேல் விளிம்பு 75 அமுக்கத்தில் இருக்கும், அதைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை.

சேகர்
100 மி.மீ. ஆழம், 20 மி.மீ. கனம். அது அவ்வளவு மெல்லியது இல்லை மேடம், 2 மீட்டரில் அது சாயும் என்று நான் நம்பவில்லை.

குமரேசன்
என் கேள்வி தவறான பக்கம் போய்விட்டது, மன்னிக்கவும். ஆனால் எங்கள் கான்கிரீட்டிலும் இதே கதைதான். தொடர் பீமில் தாங்கியின் மேலே பிளாஞ்ச் இழுவைக்குப் போய்விடுகிறது, அங்கே அமுக்கம் வெறும் வெப்பின் அகலத்தில்தான் விழும். அந்த இடத்திலும் டீ என்று போட்ட டிசைன் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன்.

நிலவன்
கேள்வியை மறுபடி படித்தேன். பாரம் நிலையானதா என்று ஒரு வார்த்தை இல்லை. 45 என்றே எழுதி, நுனிப் பாரம் இல்லையென்றால் 75 என்று பக்கத்தில் குறிக்கப் போகிறேன். சாய்வதைப் பற்றி இரண்டு பேரும் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.