முன்னால் போர்வை, பின்னால் விசிறி: எங்கள் 29 சீட் பஸ் ஏசி கதை

கல்லடி ஹயர்க்காரன்
கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் மட்டக்களப்பிலிருந்து கதிர்காமத்துக்கு ஹயர் போனவர்களுக்கு என் பாடு புரியும். குளிர்க் கொயில் முன்பக்கக் கூரைக்குள், கொம்பிரசர் எஞ்சினோடு பெல்ட்டில். முதல் நாலு வரிசையில் போர்வை கேட்பார்கள், கடைசி மூன்று வரிசையில் பேப்பரை மடித்து விசிறுவார்கள்.

ஒரு கராஜில் காஸ் குறைவு என்று அடித்தார்கள். மாற்றமில்லை. திரும்பப் போனேன், இன்னும் கொஞ்சம் அடித்தார்கள். அதற்குப் பிறகு முன் சீட்டுக் குளிரும் போய்விட்டது.

அப்புறம் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வயதான பாஸ் பார்த்தார். கூடுதல் காஸை இறக்கிவிட்டு, காற்றுத் துளைகளில் தெர்மோமீட்டர் வைத்தார். முன்னால் 9 பாகை, கடைசியில் 17. "முன்னால் 9 வருதெண்டா காஸில குறையில்லை, தம்பி. காத்து எங்கயோ போகுது" என்றார். கூரைக் கொயிலுக்குக் கீழே உள்ள பில்டரைக் கழற்றினால் செம்மண் தூசி கம்பளி போல. அதைக் கழுவியதும் பஸ் முழுக்கக் காற்று கூடியது. ஆனாலும் பின்னால் போதவில்லை.

பிறகு டிஷ்யூத் துண்டை ஒவ்வொரு துளையிலும் பிடித்துக்கொண்டு நடந்தார். வலப்பக்கம் பின்னால் போகப் போகக் காற்று மெல்ல மெல்லக் குறைந்தது. இடப்பக்கம் ஐந்தாம் வரிசை வரை துண்டு படபடத்தது, ஆறாவதில் சும்மா தொங்கியது. அந்த இடத்து சீலிங்கில் அடிக்கடி தண்ணீர் சொட்டும். வடிகுழாய் அடைப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். சீலிங்கைக் கழற்றினால் டக்ட் மூட்டு விலகிக் கிடக்கிறது! போன வருடம் பாட்டு செட் பூட்டியவர் ஸ்பீக்கர் வயர் இழுக்கும்போது தட்டியிருக்கிறார். குளிர்க்காற்று அந்த வழியால் கூரைக்குள் போய், அங்கே வேர்த்துத்தான் சொட்டியிருக்கிறது. மூட்டைச் சேர்த்து அலுமினியம் டேப் ஒட்டினோம். இப்போது முன்னால் 10, பின்னால் 13.

அம்பாறை ரூட்
இதெல்லாம் சுத்தல் வேலை அண்ணன். பெல்ட் லூஸ். எனக்கும் இதே கதைதான், இறுக்கியதும் சரி.

ஏசி வேலைக்காரன், கல்முனை
பெல்ட் வழுக்கினால் எந்த சீட் என்று பார்க்காது தம்பி. கொம்பிரசர் மெதுவாகச் சுற்றினால் முன்னும் பின்னும் சேர்ந்தே சூடாகும், முக்கியமாகச் சந்தியில் நிற்கும்போது. ஓட்டத்தில் திரும்பக் குளிரும். ஏசி போட்டதும் கீச்சென்று கத்தும், பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி போல மினுங்கும். உங்கள் பஸ்ஸில் பின்வரிசை முதலில் தெரிந்திருக்கும், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே காற்று குறைவு. பெல்ட்டை இறுக்கியது சரிதான், அது வேறு நோய்.

முதலாமவரின் 17 பாகை பற்றி ஒன்று. டக்டில் காற்று மெதுவாகப் போனால் வெயில் ஏறிய தகரத்தின் கீழ் வழியிலேயே சூடேறிவிடும். அதனால்தான் பின்னால் காற்று குறைவதோடு சூடாகவும் வரும். அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் காஸ் அடிக்கிறார்கள். காஸ் கூடினால் கண்டென்சரில் அழுத்தம் ஏறி, உள்ள குளிரும் குறையும். கொயில் இரண்டாக இருக்கும் பஸ்களில் காஸ் குறைந்தால் இடம் வலம் வித்தியாசம் வரலாம். முன் பின் வித்தியாசம் வந்தால் நான் முதலில் காற்றைத்தான் பார்ப்பேன்.

காத்தான்குடி வேன்
நம்மட வேனில் பின்னுக்கு மட்டும் குளிர் இல்லாமல் இருந்தது. பின் கொயிலின் வால்வ் மாற்றியதும் ஐஸ் மாதிரி. நீங்களும் அதை மாற்றிப் பாருங்க.

ஏசி வேலைக்காரன், கல்முனை
காக்கா, உங்கள் வேனில் பின்னுக்குத் தனிக் கொயில் இருக்கிறது. இவருடைய பஸ்ஸில் கூரைக் கொயில் ஒன்றுதான், அதிலிருந்து டக்ட் மட்டும் பின்னால் போகிறது. வால்வ் கெட்டால் முழு பஸ்ஸும் வேர்க்கும்.

அக்கரைப்பற்று டீச்சர்
நான் பயணி மட்டும்தான். முன் சீட்டுக்காரர் குளிரில் துளையை மூடினால் எங்களுக்குக் காற்று கூடுகிறது. அடுத்த தரிப்பிடத்தில் ஏறுகிறவர் திறந்ததும் பழையபடி.

கல்லடி ஹயர்க்காரன்
உண்மைதான் டீச்சர். இப்போது புறப்படும் முன்னே முதல் இரண்டு வரிசைத் துளைகளையும் பாதி மூடிவிடுகிறேன். என்றாலும் பின்னேரம் வெயில் பின் கண்ணாடியில் விழும்போது கடைசி நீள சீட் சரிவரவில்லை. டக்டின் கடைசியில் சின்ன விசிறி ஒன்று பூட்டலாம் என்கிறார் மச்சான். வேண்டாம், கண்ணாடிக்கு பிலிம் ஒட்டு என்கிறார் பாஸ். யாராவது அந்த விசிறி பூட்டிப் பார்த்தீர்களா?

அம்பாறை ரூட்
நான் பூட்டினேன். சத்தம்தான் கூடினது.