அன்லிமிட்டட் ஹோஸ்டிங், நாலு பேர் வந்தால் 508

நிலாவெளி_அறைகள்
எங்கள் விடுதியில் ஆறு அறை. சீசன் தொடங்கியதில் இருந்து பின்னேரங்களில் தளத்தைத் திறந்தால் `508 Resource Limit Is Reached` என்று வருகிறது. டிஸ்க் அன்லிமிட்டட், பாண்ட்வித் அன்லிமிட்டட் என்றுதான் இரண்டு வருடக் காசை முன்கூட்டியே வாங்கினார்கள். நான் பாவிப்பது 3 ஜிபி கூட இல்லை. என்னதான் முடிந்துபோனது?

உப்புவெளியான்
சிபியு முடிந்திருக்கும். ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் சாதாரணமாக ஒரு கோர்தான் தருவார்கள். அடுத்த பிளானுக்கு மாறுங்கோ, பிரச்சினை தீர்ந்துவிடும்.

கோட்டைவாசல்
காசைக் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கோ. சிபியு எல்லையைத் தொட்டால் தளம் ஆமையாகும், 508 வராது. அந்த எண் வந்தால் Entry Processes நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலை உள்ளே நிற்கலாம் என்ற கணக்கு அது. பல இடங்களில் 20. படம், சிஎஸ்எஸ் போன்றவை அதில் சேராது. cPanel-இல் Resource Usage பக்கத்தைத் திறந்து, 508 வந்த நேரத்தில் சிபியு கோடு எங்கே நின்றது, Entry Processes கோடு எங்கே நின்றது என்று பார்த்துச் சொல்லுங்கோ.

நிலாவெளி_அறைகள்
பார்த்தேன் அண்ணை. நேற்று 6.40க்கு சிபியு 15 சதவீதம்தான். மற்றது 20/20.

கோட்டைவாசல்
அப்ப சேர்வர் உழைத்துக் களைக்கவில்லை, எதற்கோ காத்து நிற்கிறது. வேறு புக்கிங் தளங்களின் கலண்டரை உங்கள் பக்கம் இழுக்கிறதா?

நிலாவெளி_அறைகள்
ஓம், இரண்டு தளத்தில் இருந்து. முகப்பிலேயே ஆறு அறையின் கலண்டரும் தெரியும்.

கோட்டைவாசல்
அங்கேதான் கோளாறு. ஒவ்வொரு அறைக்கும் உலாவி தனித்தனியாக `admin-ajax.php`-ஐக் கூப்பிடும். ஒவ்வொன்றும் வெளித்தளம் பதில் தரும்வரை நாலைந்து செக்கன் சும்மா நிற்கும். சும்மா நின்றாலும் இடம் இடம்தான். ஒரு ஆள் வந்தால் ஆறு இடம், மூன்று பேர் வந்தால் பதினெட்டு. நாலாவது ஆள் அதே நேரத்தில் வந்தால் 24. இருபதைத் தாண்டியவருக்கு 508. இதற்கு கேஷ் பிளகினும் உதவாது. பக்கம் கேஷில் இருந்து வந்தாலும் இந்தக் கூப்பாடுகள் பிஎச்பிக்குத்தான் போகும்.

சேர்வர்காரன்
நானும் சின்ன அளவில் ஹோஸ்டிங் விற்கிறவன்தான். இந்த எல்லை இல்லாவிட்டால் ஒருத்தரின் கலண்டர் அதே மெஷினில் இருக்கிற மற்ற எல்லாத் தளத்தையும் சேர்த்து விழுத்தும். அன்லிமிட்டட் என்றது டிஸ்க்குக்கும் பாண்ட்வித்துக்கும். மற்றதெல்லாம் நிபந்தனைகளில் இருக்கிறது.

கோட்டைவாசல்
எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20 என்ற எண்ணை விலைப் பக்கத்தில் போடுங்கோ என்கிறேன். டிஸ்க் அன்லிமிட்டட் என்பதும் முழு உண்மை இல்லை. கோப்பு எண்ணிக்கைக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதை யார் விளம்பரத்தில் போடுகிறார்கள்?

பழைய_மாணவன்
கோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சங்கத் தளத்தில் விளையாட்டுப்போட்டிப் படங்கள் மட்டும்தான். இடம் தாராளமாக இருந்தும் புதிய படம் ஏறவில்லை. 2,50,000 கோப்பு தாண்டிவிட்டது என்றார்கள். இவருக்கும் அதுதானோ?

கோட்டைவாசல்
இல்லை தம்பி, அது வேறு கதை. வேர்ட்பிரஸ் ஒரு படத்துக்குப் பல அளவில் பிரதி எடுத்து வைக்கும். தீமும் தன் பங்குக்குச் சேர்த்தால் ஒரு படம் எட்டுப் பத்துக் கோப்பாகிவிடும். பெட்டியில் கிடக்கிற ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பு. எந்த ஃபோல்டரில் குவிந்திருக்கிறது என்று டெர்மினலில் பாருங்கோ:

```
du --inodes -d 1 ~ | sort -n
```

விடுதிக்காரரே, உங்களுக்கு இரண்டு வேலை. கலண்டர் இழுப்பதை ஆட்கள் வரும் நேரத்தில் செய்யாமல், cPanel-இன் Cron Jobs-இல் அரை மணிக்கு ஒருமுறை ஓட விட்டு டேட்டாபேசில் சேமியுங்கோ. ஆறு அழைப்பை ஒன்றாக்குங்கோ. இப்போது ஒரு ஆள் ஆறு இடத்தை நாலு செக்கனுக்குப் பிடிக்கிறார். பிறகு ஒரு இடத்தை அரைச் செக்கனுக்குப் பிடிப்பார்.

சேர்வர்காரன்
அரை மணி இடைவெளியில் ஒரே அறை இரண்டு பேருக்குப் போனால் யார் பொறுப்பு?

கோட்டைவாசல்
நியாயமான கேள்வி. 'புக் செய்' அழுத்தும்போது அந்த ஒரு அறையை மட்டும் நேரே சரிபார்க்கலாம். அதற்கும் நாலு செக்கன் போகும், ஆனால் அழுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

உப்புவெளியான்
சரி, 508 விஷயத்தில் நான் பிழை. ஆனாலும் இவ்வளவு வேலைக்கு ஒரு விபிஎஸ் எடுத்தால் தலையிடி இல்லையே?

சேர்வர்காரன்
அதை இரவு இரண்டு மணிக்கு யார் அப்டேட் பண்ணுவது, நீங்களா?

நிலாவெளி_அறைகள்
ஐந்து நாளாகிவிட்டது. இப்போது உச்சம் 7/20, பின்னேரம் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் சனி விடிய மூன்று மணிக்கு ஒரு 508 வந்திருக்கிறது. அந்த நேரம் யாரும் அறை தேட மாட்டார்கள். லொக்கில் `xmlrpc.php` என்று வரிசையாகக் கிடக்கிறது. அது என்ன அண்ணை?