சரக்கு எடுத்த பணம் செலவா, இல்லையா?

தொண்டி வியாபாரி: கடைக் கணக்குக்கு எக்செல் என்று ஆளாளுக்குக் குழப்புகிறார்கள். நான்கு பத்தி போதும்: தேதி, வரவு, செலவு, மீதி. சரக்கு எடுத்த பணமும் செலவுதான். மாதக் கடைசியில் வரவில் செலவைக் கழித்தால் நிற்பதுதான் லாபம். இதற்கு மேல் பேசுகிறவர்கள் கல்லாவில் உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

கீழக்கரை கணக்கர்: அண்ணாச்சி, கல்லாவில் உட்கார்ந்தவர்களின் நோட்டுகளைத்தான் நான் வருடக்கணக்காகச் சரிபார்க்கிறேன். உங்கள் நான்கு பத்தி ஜூன் மாதத்தில் பொய் சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது அரிசி, பருப்பு, டீத்தூள், பீடி எல்லாம் மொத்தமாகக் கேட்பார்கள். அதற்காகக் கடைக்காரர் வழக்கத்தைவிட அதிகமாகச் சரக்கை இறக்குவார். ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். ஜூன் விற்பனை 1,80,000 ரூபாய். கொள்முதல் 1,95,000. வாடகை, மின்கட்டணம், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 12,000. உங்கள் கணக்குப்படி 27,000 ரூபாய் நட்டம். கடை நட்டத்திலா ஓடியது?

தொண்டி வியாபாரி: கையை விட்டுப் போன பணம் போனதுதானே? மொத்தக் கடைக்காரர் திருப்பித் தருவாரா? செலவு செலவுதான்.

கீழக்கரை கணக்கர்: போனது பணம், வந்தது சரக்கு. அது அலமாரியில் இருக்கிறதே, அதை எங்கே எழுதுவீர்கள்? அதே கடையில் ஜூன் 1 காலையில் 90,000 ரூபாய்ச் சரக்கு இருந்தது. ஜூன் 30 இரவு எண்ணியபோது 1,29,000. ஆக, விற்றுப்போன சரக்கின் விலை 90,000 உடன் 1,95,000 ஐக் கூட்டி 1,29,000 ஐக் கழித்தால் வருகிற 1,56,000. விற்பனை 1,80,000. வித்தியாசம் 24,000. அதில் 12,000 செலவு போனால் 12,000 லாபம். உங்கள் நட்டத்துக்கும் இந்த லாபத்துக்கும் இடையே உள்ள 39,000 எங்கே என்று கேட்டால், அலமாரியில் ஏறியிருக்கிறது. ஏப்ரலில் இதுவே தலைகீழாகும். தடைக்காலம் வருகிறது என்று சரக்கு எடுக்காமல் இருப்பதை விற்பார்கள். உங்கள் நோட்டு பெரிய லாபம் காட்டும். அதை நம்பி வீட்டுக்குச் செலவழித்துவிடுவார்கள்.

மண்டபம் கடை: கணக்கர் சொல்வது சரி, நானும் இருப்பைக் கணக்கில் எடுக்கிறேன். பொட்டலத்தின் மேலே அச்சிட்ட விலையைப் பார்த்து எழுதிவிட்டால் எண்ணுவது சுலபம். தொண்டிக்காரருக்கு இது புரியாது. போன வருடம் எடைத்தராசு விவகாரத்திலும் இப்படித்தான் பிடிவாதம் பிடித்தார்.

தொண்டி வியாபாரி: எடைத்தராசை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றும் நான் சொன்னதுதான் சரி.

கீழக்கரை கணக்கர்: மண்டபத்து ஐயா, அச்சிட்ட விலையில் இருப்பை எழுதினால் இன்னும் விற்காத சரக்குக்கு இன்றே லாபம் எழுதுகிறீர்கள். நீங்கள் எடுத்த விலையைத்தான் போட வேண்டும். எலி கடித்த மூட்டையும் தேதி முடிந்த பிஸ்கட்டும் இருப்பில் சேரவே கூடாது.

ஏர்வாடி அக்கா: என் கடையில் பாதி கருவாடு. வாங்கும்போது பத்து கிலோ, விற்று முடிக்கும்போது காய்ந்து ஒன்பதரை கிலோகூட நிற்பதில்லை. இதற்கு எந்தப் பத்தி? அதோடு, தடைக்காலம் எல்லோருக்கும் என்பது போலப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் நாட்டுப்படகுகள்தாம். அவற்றுக்குத் தடை கிடையாது.

கீழக்கரை கணக்கர்: அக்கா, நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பது உண்மை, நான் விசைப்படகைச் சொன்னேன். கருவாட்டுக்குத் தனிப் பத்தி வேண்டாம். மாதக் கடைசியில் தராசில் வைத்து, நிற்கிற எடையை மட்டும் எடுத்த விலையில் எழுதுங்கள். காய்ந்துபோன அரைக் கிலோ தானாக விற்ற சரக்கின் விலையில் போய்ச் சேரும்.

பாம்பன் தம்பி: அண்ணன்மாரே, சண்டை இருக்கட்டும். ஷீட்டை எப்படிப் போடுவது? ஒரு நாளைக்கு ஒரு ஷீட்டா?

கீழக்கரை கணக்கர்: அப்படிச் செய்யாதே, தம்பி. முப்பது ஷீட்டை மாதக் கடைசியில் கூட்ட முடியாமல் விட்டுவிடுவாய். ஒரே ஷீட், ஒரு பதிவுக்கு ஒரு வரி. A இல் தேதி, B இல் வகை, C இல் விவரம், D இல் தொகை. வகை நான்கு: விற்பனை, கொள்முதல், செலவு, கடன் வசூல். கடனுக்குக் கொடுத்ததையும் கொடுத்த அன்றே விற்பனையில் எழுது. பணம் திரும்பி வரும்போது கடன் வசூல் என்று எழுது. அன்றும் விற்பனை என்று எழுதினால் ஒரே அரிசியை இரண்டு முறை விற்றதாக ஆகிவிடும். H1 இல் மாதத்தின் முதல் தேதி, H2 இல் இது:

```
=SUMIFS(D:D,B:B,"விற்பனை",A:A,">="&H1,A:A,"<"&EDATE(H1,1))
```

இதில் வகையை மட்டும் மாற்றி H3 இல் கொள்முதல், H4 இல் செலவு. H5 இல் தொடக்க இருப்பு, H6 இல் கடைசி இருப்பு; இவை இரண்டும் கையால் எழுத வேண்டியவை. லாபம்:

```
=H2-(H5+H3-H6)-H4
```

பாம்பன் தம்பி: போட்டுப் பார்த்தேன். பத்து நாள் விற்பனை எழுதியும் H2 இல் பூஜ்யம்தான் வருகிறது.

தொண்டி வியாபாரி: இதைத்தான் சொன்னேன். நோட்டில் எழுதினால் பூஜ்யம் வராது.

கீழக்கரை கணக்கர்: தேதியை 1.6.2025 என்று புள்ளி வைத்து எழுதியிருப்பாய். பல கணினிகளில் அது தேதியாக ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா பார். தேதியாக ஏறியிருந்தால் வலப்பக்கம் நிற்கும். 1-6-2025 என்று கோடு போட்டு எழுது. கணினி மாதத்தை முதலில் படிக்கும் அமைப்பில் இருந்தால் அது ஜனவரி 6 ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள். வகையைத் தட்டச்சு செய்யாமல் Data Validation இல் பட்டியலாக வைத்துத் தேர்ந்தெடு. சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலே அந்த வரி கூட்டலில் சேராது.

பாம்பன் தம்பி: புள்ளிதான் வைத்திருந்தேன். இப்போது வருகிறது.

தொண்டி வியாபாரி: சரி கணக்கரே, 12,000 லாபம் என்றீர்களே, ஜூன் 30 அன்று அந்தக் கடைக்காரர் கல்லாவைத் திறந்தால் 12,000 இருக்குமா? மொத்தக் கடைக்காரர் வந்து நிற்கும்போது அலமாரியைக் காட்டவா? கையில் இல்லாத பணம் எனக்கு லாபம் இல்லை.

கீழக்கரை கணக்கர்: இருக்காது. சரக்கிலும் கடன் நோட்டிலும் இருக்கும். கல்லாவில் எவ்வளவு என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு பத்தி போடலாம். லாபம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கல்லாவை எண்ணாதீர்கள்.

மண்டபம் கடை: கடன் நோட்டில் இருப்பதெல்லாம் வந்துவிடுமா? வேறு ஊருக்குக் குடிபோனவர்களின் கடன் எனக்கு இன்னும் நிற்கிறது. அதையும் லாபம் என்றா எழுதுவது?

கீழக்கரை கணக்கர்: வராது என்று தெரிந்த மாதத்தில் அதைச் செலவில் எழுதுங்கள்.

மண்டபம் கடை: வராது என்று எப்போது தெரியும்? போன தீபாவளிக்குத் தருவேன் என்றவர் இந்தத் தீபாவளிக்கும் அதையே சொல்கிறார்.

தொண்டி வியாபாரி: கடனே கொடுக்காதீர்கள் என்றால் கேட்கமாட்டீர்கள். சரக்கு எடுத்த பணம் செலவுதான். நான் அப்படித்தான் எழுதுகிறேன், கடையும் ஓடுகிறது.

கீழக்கரை கணக்கர்: ஓடுகிறது, எவ்வளவு லாபத்தில் என்றுதான் உங்களுக்கே தெரியாது. இந்த மாதக் கடைசி இரவு ஒரு முறை சரக்கை எண்ணிவிட்டு வந்து பேசுங்கள்.

தொண்டி வியாபாரி: எண்ணுவதற்கு ஆள் சம்பளம் நீங்கள் கொடுப்பீர்களா?

ஏர்வாடி அக்கா: எண்ணுவது இருக்கட்டும். நான் கருவாடு எடுத்த விலை நாளுக்கு நாள் மாறுகிறதே, எந்த நாள் விலையைப் போடுவது?