சந்தாச் செய்தி: யாரையும் குத்தாமல் எப்படித் திருத்தலாம்?

அன்பான ஊரவர்களுக்கு,

கொழும்புக் கிளையின் வட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமை இரவு நான் போட்ட ஒரு செய்தி பற்றி நாலு பேர் தனியே தொலைபேசி எடுத்துக் குறைப்பட்டார்கள். எடுக்காதவர் ஒருவர். அதுதான் எனக்குக் கவலை. எனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பித்த எங்கள் பழைய அதிபர். குழுவில் "நன்றி" என்று ஒரு சொல் போட்டார், அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

செய்தி இதுதான்:

"அனைவரின் கவனத்திற்கும்! சிலர் சந்தாப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுப் பெயர் குறிப்பிடுவதில்லை. நாங்கள் பலமுறை சொல்லியும் பலனில்லை. குறிப்பாக 12ஆம் திகதி வெள்ளவத்தையில் 5,000 ரூபா கட்டியவர் உடனே தொடர்புகொள்ளவும். முறை தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்டுச் செய்யவும்."

குழுவில் 64 பேர். மூத்தவருக்கு 81 வயது, இளையவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். செய்தியைத் திருத்தலாம் என்றால் வட்ஸ்அப்பில் அதற்கு 15 நிமிடந்தான். அழித்திருந்தாலும் ஒரு செய்தி அழிக்கப்பட்ட அடையாளம் அங்கேயே கிடக்கும், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் என்ன என்று கேட்டிருப்பார்கள். பெயர் தெரியாமல் 5,000, 2,500, 2,500 என்று மூன்று வரவுகள் இருக்கின்றன. புதிதாக ஒன்று எழுதிப் போட வேண்டும். எப்படி எழுதலாம், சொல்லுங்கள்.

செயலாளர், கொழும்புக் கிளை

*

தம்பி, இதில் பெரிய சிக்கல் இல்லை. நீங்கள், நீர் என்ற முன்னிலை வந்தால்தானே மரியாதைப் பிரச்சினை? எல்லாவற்றையும் "அனுப்பவும்", "குறிப்பிடவும்" என்று முடித்துவிடும். அதில் ஆளே இல்லை, ஆகவே யாருக்கும் வலிக்காது. "சிலர்" என்று போட்டதும் சரிதான், பெயர் சொல்லவில்லையே. அந்தப் "பிள்ளைகளிடம் கேட்டு" வரியை மட்டும் எடுத்துவிடும்.

டொரொண்டோவிலிருந்து

*

டொரொண்டோ அண்ணா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நான் அரச திணைக்களம் ஒன்றில் இருபத்தைந்து வருடம் சுற்றறிக்கை மொழிபெயர்த்தவள், "வும்" போட்டே கை தேய்ந்தது. அதில் ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் சுவரில் ஒட்டிய "வரிசையில் நிற்கவும்" என்ற அறிவித்தலின் குரல் அதில் இருக்கிறது. திணைக்களம் சொன்னால் யாரும் மனதில் எடுப்பதில்லை. முப்பத்தைந்து வயதுப் பிள்ளை தன் ஆசிரியரைப் பார்த்து "தொடர்புகொள்ளவும்" என்றால் அது வேறு. குழுவுக்கு "எழுதுங்கள்", "சொல்லுங்கள்" போதும். ஒருவருக்கு மரியாதையாகவும் பலருக்குப் பன்மையாகவும் அதே சொல் நிற்கும். 81 வயதுக்காரரும் மாணவியும் அதைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

"சிலர்" பற்றி நான் மாறுபடுகிறேன். 64 பேரில் "சிலர்" என்றால் 64 பேரும் யார் யார் என்று எண்ணத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு "குறிப்பாக" என்று திகதி, இடம், தொகை மூன்றையும் கொடுத்திருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் வங்கிக்கு நடந்துபோய்ச் சீட்டு நிரப்பிப் பணம் கட்டுகிறவர் எங்கள் குழுவில் யார்? எல்லோரும் உங்கள் பழைய அதிபரை, மாஸ்டரைத்தான் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். பெயர் போடாமலே பெயர் போட்டாயிற்று.

இன்னொன்று, "நாங்கள் பலமுறை சொல்லியும்". பேச்சில் எல்லாவற்றுக்கும் நாங்கள் என்றுதான் சொல்கிறோம், அது உறுத்தாது. எழுத்தில் அந்த "நாங்கள்" செயற்குழுவை ஒரு பக்கமும் மற்றவர்களை மறுபக்கமும் நிறுத்துகிறது. "நாம்" என்று மாற்றினாலும் சரிவராது, ஏனென்றால் நாம் எல்லோரும் பலமுறை சொல்லவில்லையே. அந்த வரியையே விடுங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று வரவுகளுக்கு உரியவர்கள்தான். ஆட்களைப் பற்றி எழுதாமல் கணக்கைப் பற்றி எழுதுங்கள்:

"வணக்கம். இந்த ஆண்டுச் சந்தாவில் மூன்று வரவுகளுக்கு இன்னும் பற்றுச்சீட்டு எழுத முடியவில்லை. வங்கிக் கூற்றில் பெயர் வரவில்லை. தொகைகள் 5,000, 2,500, 2,500. இவற்றில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம் என்று தோன்றினால் பொருளாளருக்குத் தனியே ஒரு வரி எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். இனிப் பணம் போடும்போது குறிப்பில் முதலில் பெயர், பிறகு சந்தா என்று இட்டால் நல்லது. நீளமாக எழுதினால் கூற்றில் பின்பகுதி வெட்டுப்படுகிறது."

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். பெயரை முதலில் போட வேண்டும் என்பது போனிலேயே பணம் அனுப்புகிற பிள்ளைகளுக்கும் தெரியாது. ஆகவே பெரியவர்களுக்கு வகுப்பெடுத்த மாதிரி இராது. வங்கிச் சீட்டில் எழுதுகிறவருக்கும் அதே வரி பொருந்தும். திகதியையும் இடத்தையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். உரியவர் பேசும்போது பொருளாளர் அவற்றைக் கேட்டுச் சரிபார்க்கட்டும், குழுவில் எல்லாம் போட்டுவிட்டால் சரிபார்க்க எதுவும் மிஞ்சாது.

அப்புறம், மாஸ்டருக்கு இதைப் போடுவதற்கு முன் தொலைபேசி எடுங்கள். குழுவில் அவர் பெயரைத் தட்டி மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள். நினைக்காத முப்பது பேரும் அப்போது நினைப்பார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து

*

வணக்கம். நான் ஜூனில் அனுப்பிய பணத்துக்கு இன்னும் பற்றுச்சீட்டு வரவில்லை. பெயரைத் தெளிவாகத்தான் போட்டேன். என்னையா சொல்கிறீர்கள்? அப்படியென்றால் நேரே கேட்டிருக்கலாமே.

லண்டனிலிருந்து

*

லண்டன் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் பணமாற்று நிறுவனம் மூலம் அனுப்பியிருப்பீர்கள். கூற்றில் அந்த நிறுவனத்தின் பெயர்தான் விழும், அனுப்பியவர் பெயர் விழாது. அனுப்பிய சீட்டைப் படமெடுத்து எனக்குத் தனியே போடுங்கோ, ஜூன் வரவுகளோடு பொருத்திப் பார்க்கிறேன்.

புதிய செய்தி நன்றாக இருக்கிறது, ஆனால் நீளம். எங்கள் ஆட்கள் மூன்றாம் வரியில் நிறுத்திவிடுவார்கள். கட்டியவர்களின் பெயர்ப் பட்டியலை மாதாமாதம் குழுவில் போட வேண்டும் என்பதும் என் எண்ணம். பொதுப் பணம், கணக்குத் திறந்திருக்க வேண்டும்.

பொருளாளர்

*

பட்டியலில் கட்டாதவர் பெயர் இல்லாமல் இருப்பதே பெயர் போட்டதுதான், தம்பி. பற்றுச்சீட்டு இலக்கங்களை மட்டும் போடலாமே. கட்டினவருக்குத் தன் இலக்கம் தெரியும்.

வெள்ளவத்தையிலிருந்து

*

இலக்கம் மட்டும் போட்டால் யாருக்கு என்ன விளங்கும் அக்கா? பொதுக்கூட்டத்தில் என்னிடந்தான் கேள்வி வரும்.

பொருளாளர்

*

எல்லோருக்கும் நன்றி. பட்டியல் விடயத்தைச் செயற்குழுவில் பேசுவோம்.

நேற்று மாலை மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "சேர், வெள்ளிக்கிழமைச் செய்தி நான் யோசிக்காமல் எழுதினது" என்று தொடங்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, தான் இந்த வருடம் சந்தாவே இன்னும் கட்டவில்லை என்றார். முழங்கால் வலியில் இரண்டு மாதமாக வங்கிக்குப் போகவில்லையாம். அந்தச் செய்திக்குப் பிறகு இரண்டு பேர் அவரிடம் "உங்கள் ஐயாயிரம்தானே" என்று கேட்டிருக்கிறார்கள். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம், பிள்ளைகளிடம் கேட்கச் சொன்ன வரியை அவர் கவனிக்கவே இல்லை.

புதிய செய்தியை இன்று காலை ஏழரைக்குப் போட்டேன், அக்கா எழுதினபடியே. பொருளாளர் சொன்ன நீளத்துக்காகத் தொகைகளைத் தனி வரியாக இறக்கினேன், வேறு மாற்றம் இல்லை. பத்து மணிக்குள் 5,000 யாருடையது என்று தெரிந்துவிட்டது. இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர், தாயாரிடம் காசு கொடுத்துக் கட்டச் சொன்னவர். 2,500 ஒன்றும் ஒரு அக்காவுடையது என்று தெரிந்தது. மற்ற 2,500 இன்னும் அப்படியே கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது உறவினர் பேரில் இங்கே கட்டுவித்திருந்தால் பொருளாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

செயலாளர், கொழும்புக் கிளை