வாசலில் நெட் போனால்: அச்சுப் பட்டியலா, லோக்கல் சர்வரா?

அகிலன்_கோவை: 1,200 பேர் பதிவு செய்த மாநாடு. 6 கவுன்ட்டர், கியூஆர் ஸ்கேன். நடுவில் நெட் போனால் காகிதப் பட்டியலை வைத்து எப்படிச் சமாளிப்பது, பிறகு சர்வரோடு எப்படி ஒத்துப்பார்ப்பது?

ரஃபீக்: ரெண்டு கம்பெனி சிம் போட்ட ரவுட்டர் வாங்குங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்.

அகிலன்_கோவை: அது போகாமல் இருக்க வழி, பாய். போன பிறகு என்ன என்பதுதான் கேள்வி.

செல்வா_நெட்வொர்க்: காகிதமே வேண்டாம். ஒரு லேப்டாப்பை லோக்கல் சர்வராக்கி, ரவுட்டரை யூபிஎஸ்ஸில் போட்டால் போதும். நெட் இல்லாவிட்டாலும் 6 போனும் ஒரே டேட்டாபேஸைப் பார்க்கும். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் நுழைய முடியாது.

மீனா_பதிவுமேசை: யோசனை சரி, செல்வா. ஆனால் இரண்டு இடத்தில் கவிழும். ஸ்கேனர் பிரவுசரில் ஓடினால் `http://192.168.1.10` மாதிரி முகவரியில் கேமரா திறக்காது. பிரவுசர் https கேட்கும். அடுத்து, வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், லேப்டாப் எட்டாது. டேட்டாவை அணைத்து, சான்றிதழ் போட்டு, முந்தின நாளே நெட் கேபிளைப் பிடுங்கிச் சோதித்திருந்தால் நம்பலாம். இல்லையென்றால் காகிதம்தான்.

அகிலன், பட்டியலை எழுத்து வாரியாகப் பிரிக்காதீர்கள். நம் பெயர்களில் கே, எம், ஆர், எஸ் கவுன்ட்டர்களில் கூட்டம் நெரியும், மற்றவர் சும்மா உட்கார்ந்திருப்பார். இனிஷியலை நீக்கி, பெயர் வரிசைப்படுத்தி, 200 பேருக்கு ஒரு கவுன்ட்டர் என்று வெட்டுங்கள். இனிஷியல் இருந்தால் ‘கே. செந்தில்’ ஓரிடத்திலும் ‘செந்தில் கே’ வேறிடத்திலும் போய் நிற்பார்கள். பக்கத்துக்கு 25 வரி, கவுன்ட்டருக்கு 8 தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் அச்சிட்ட நேரம். அதற்குப் பின் பதிந்தவர்களுக்கு ஒரே ஒரு கூடுதல் தாள், அது உதவி மேசையில் மட்டும். ஒரு பெயர் ஒரு தாளில் மட்டும் இருந்தால் கவுன்ட்டர்களுக்குள் பேசிக்கொள்ளவே தேவையில்லை.

செல்வா_நெட்வொர்க்: 9.40க்கு நெட் போகிறது. அதுவரை ஸ்கேன் ஆனவர் பெயர் தாளில் வெறுமையாகத்தானே இருக்கும்? அவர் டிக்கெட் நகலோடு நண்பர் வந்தால் விட்டுவிடுவீர்கள்.

மீனா_பதிவுமேசை: அதனால்தான் பேட்ஜை முன்கூட்டியே அச்சிட்டு, தாளின் வரிசையிலேயே தட்டில் அடுக்கச் சொல்வேன். பேட்ஜ் தட்டில் இல்லையென்றால் ஆள் ஏற்கெனவே வந்தாயிற்று. நெட் இருக்கும்போதும் அதே தட்டிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தாளில் டிக் போடாமல் நேரத்தை எழுதுங்கள். எப்போது மாறுவது என்பதை ஒருவரே சொல்ல வேண்டும், 6 கவுன்ட்டரும் சேர்ந்து மாற வேண்டும். நெட் விட்டுவிட்டு வந்தாலும் கூட்டம் அடங்கும்வரை திரும்பப் போகக்கூடாது.

அகிலன்_கோவை: மாலையில் ஏற்றும்போது இப்படி எழுதலாமா?

```sql
INSERT INTO checkin (ticket_id, at, source)
VALUES ('K4F7Q', :paper_time, 'paper')
ON CONFLICT (ticket_id) DO NOTHING;
```

செல்வா_நெட்வொர்க்: இதேதான். இரட்டைப் பதிவு விழாது.

மீனா_பதிவுமேசை: விழாது, ஆனால் எது மோதியது என்ற தகவலும் போய்விடும். காகிதப் பதிவுகளைத் தனி டேபிளில் அப்படியே ஏற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு கவுன்ட்டரை எடுத்துக்கொள்வோம்: சர்வரில் 97, தாளில் 64, இரண்டிலும் இருப்பவர் 4. ஆக 157 பேர். தட்டில் மீதம் 41 பேட்ஜ், அதாவது போனது 159. மீதப் பேட்ஜ்களைப் பெயர் பெயராகக் கழித்தால் விடுபட்ட 2 பேர் யாரென்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மாறிய நிமிடங்களில் நேரம் எழுத மறந்தவர்கள்.

அந்த 4 பேரில் ஸ்கேன் நேரமும் தாள் நேரமும் ஓரிரு நிமிட வித்தியாசம் என்றால் ஒரே ஆள்தான். பதிவு சர்வருக்குப் போய்விட்டது, பதில் மட்டும் போனுக்கு வரவில்லை, கவுன்ட்டர்காரர் தாளிலும் எழுதிவிட்டார். ஒரு மணி நேர இடைவெளி என்றால் பக்கத்து வரியில் எழுதியிருக்கிறார்களா என்று தாளின் போட்டோவைப் பாருங்கள். ஒரே பெயரில் நான்கு கார்த்திக் இருக்கும் பக்கத்தில் இது சகஜம்.

அகிலன்_கோவை: நான்கு கார்த்திக்கைப் பிரிக்க போன் நம்பரின் கடைசி 4 இலக்கம் போடலாமா, அக்கா?

செல்வா_நெட்வொர்க்: போடாதீர்கள். வரிசையில் நிற்பவர் தாளைத் தலைகீழாகவே படித்துவிடுவார். டிக்கெட் குறியீடு போதும்.

மீனா_பதிவுமேசை: சார்ஜ் இறங்கிய போனோடு வருபவருக்குக் குறியீடு எங்கே ஞாபகம் இருக்கும்? நான் 4 இலக்கம் போடுவேன், தாளை மேசை விளிம்புக்குக் கீழே வைப்பேன்.

செல்வா_நெட்வொர்க்: நான் ஊர் பெயர் போடுவேன்.

ரஃபீக்: கோயம்புத்தூர் மாநாட்டில் நான்கு கார்த்திக்கும் கோயம்புத்தூர்தான் எழுதியிருப்பான்.